சந்தேகம்: மார்ஃபினை ஒரே நிமிடத்தில் விலக்கிய நலாக்சோன் புப்ரினார்ஃபினை ஏன் அசைக்கவில்லை?

ராயபுரம் மாணவி

பார்ம்.டி. ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். ராயபுரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி. ஒரே வாரத்தில் பார்த்த இரண்டு நோயாளிகளால் குழம்பியிருக்கிறேன்.

முதலாமவர் சிறுநீரகம் பழுதடைந்த பெரியவர். இடுப்பு அறுவைக்குப் பின் வலிக்காக மார்ஃபின் போட்டிருந்தார்கள். இரவில் மூச்சு நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்தது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நலாக்சோன் 0.4 மி.கி. நரம்பில் ஏற்றியதும் ஓரிரு நிமிடத்தில் எழுந்து வலியால் கத்தினார், மூச்சு பதினாறானது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் மயங்கத் தொடங்கினார்.

இரண்டாமவர் இளைஞர். புப்ரினார்ஃபின் மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டார் என்று நண்பர்கள் சொன்னார்கள். தூக்க மாத்திரையும் விழுங்கியிருக்கலாம் என்றார்கள். மூச்சு ஏழு. நலாக்சோன் 0.4 மி.கி., பிறகு இன்னொரு 0.4 மி.கி. போட்டும் மாற்றமே இல்லை. பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

மார்ஃபின் முழு அகோனிஸ்ட், புப்ரினார்ஃபின் பகுதி அகோனிஸ்ட், நலாக்சோன் போட்டி அன்டகோனிஸ்ட் என்று படித்திருக்கிறேன். பகுதி அகோனிஸ்ட் என்றால் பலம் குறைந்தது அல்லவா? பலம் குறைந்ததுதானே முதலில் கழன்றுபோக வேண்டும்?

மண்ணடி மருந்துக்கடை

எளிமையாகச் சொல்கிறேன், தங்கச்சி. ஏற்பி பூட்டு, மருந்து சாவி. மார்ஃபின் பூட்டை முழுதாகத் திறக்கும், புப்ரினார்ஃபின் பாதி திறக்கும், நலாக்சோன் நுழையும் ஆனால் திரும்பாது. புப்ரினார்ஃபின் மார்ஃபினைவிடப் பலமானது. எங்கள் கடையில் வரும் மார்ஃபின் மாத்திரை 10 மி.கி., புப்ரினார்ஃபின் ஊசியோ ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. பலமானதை எடுக்க நலாக்சோன் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

ராயபுரம் மாணவி

நன்றி அண்ணா. ஆனால் பாதிதான் திறக்கும் என்றும் சொல்கிறீர்கள், மார்ஃபினைவிடப் பலம் என்றும் சொல்கிறீர்கள். ஒரே மருந்து எப்படி இரண்டாகவும் இருக்கும்?

பெரம்பூர் மயக்கவியல்

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், அம்மா. மருந்துக்கடை நண்பர் சொன்னதில் கூடுதல் நலாக்சோன் வேண்டும் என்ற முடிவு சரி. ஆனால் "பலம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு குணங்களைப் போட்டுவிட்டார். சாவி உவமையிலும் இதே சிக்கல் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அறுவை அரங்கில் நின்றவன் நான். இந்த ஒரு குழப்பத்தால் நலாக்சோனைத் தவறாகக் கையாண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு குணம், மருந்து ஏற்பியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பது. மற்றது, பிடித்த பிறகு அந்த ஏற்பியை எவ்வளவு வேலை செய்ய வைக்கிறது என்பது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. மார்ஃபின் மியூ ஏற்பியை மிதமாகப் பிடிக்கிறது, நன்றாகக் கிளர்த்துகிறது. புப்ரினார்ஃபின் மிக இறுகப் பிடிக்கிறது, அரைகுறையாகவே கிளர்த்துகிறது. நலாக்சோனும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கொஞ்சமும் கிளர்த்தாது. முழு, பகுதி என்ற பெயர்கள் கிளர்த்துவதை மட்டுமே சொல்கின்றன. எது எதை வெளியேற்றும் என்பதை அந்தப் பெயரிலிருந்து ஊகிக்கவே முடியாது.

உங்கள் முதல் நோயாளியைக் கணக்காகப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மார்ஃபின் பாதி ஏற்பிகளைப் பிடிக்கும் செறிவில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தச் செறிவை ஒரு பங்கு என்போம். அதேபோல, தனியாக இருந்தால் பாதி ஏற்பிகளைப் பிடிக்கக்கூடிய நலாக்சோன் செறிவையும் ஒரு பங்கு என்போம். இப்போது ஒன்பது பங்கு நலாக்சோன் வருகிறது. காலி இடத்துக்கு ஒன்று, மார்ஃபினுக்கு ஒன்று, நலாக்சோனுக்கு ஒன்பது, மொத்தம் பதினொன்று. மார்ஃபின் கையில் இருப்பது பதினொன்றில் ஒன்று, அதாவது 50 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பெரியவர் எழுந்துவிட்டார்.

இனி மார்ஃபினைப் பத்துப் பங்காகக் கூட்டுங்கள். மொத்தம் இருபது, அதில் பத்து மார்ஃபின். மறுபடியும் 50 சதவீதம். போட்டி என்பது இதுதான். நலாக்சோன் ஏற்பியைக் கெடுப்பதில்லை, மார்ஃபினின் உச்ச விளைவையும் குறைப்பதில்லை. அதே விளைவுக்கு இப்போது பத்து மடங்கு மார்ஃபின் வேண்டும், அவ்வளவே. வரைபடத்தில் கோடு உயரம் குறையாமல் வலப்பக்கம் நகர்வதாகப் படித்திருப்பீர்கள்.

இந்தப் போட்டி இரண்டு பக்கமும் செல்லும் என்பதை மறக்கக் கூடாது. நலாக்சோன் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் பெரியவரின் சிறுநீரகமோ, மார்ஃபினிலிருந்து ஈரலில் உண்டாகும் வீரியமுள்ள துணைப்பொருளை வெளியேற்ற முடியாத நிலையில் இருக்கிறது. ஒன்பது பங்கு நலாக்சோன் நான்கானது, இரண்டானது. எதிர்ப்பக்கம் அப்படியே இருந்தது. மறுபடி மயங்கியது புதிதாக நடந்த ஏதோ அல்ல, அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடியதுதான். இப்படிப்பட்டவருக்கு ஒரு ஊசி போட்டு விழித்ததும் நகர்ந்துவிடக் கூடாது. சொட்டு மருந்தாகத் தொடர வேண்டும், பல மணி நேரம் மூச்சை எண்ண வேண்டும்.

இன்னொன்று. அவருக்கு 0.4 மி.கி. முழுதாகத் தந்தது அதிகம். ஒரு ஆம்பூலை உப்புநீரில் 10 மி.லி.யாகக் கரைத்தால் ஒவ்வொரு மி.லி.யிலும் 0.04 மி.கி. இருக்கும். அதை ஒவ்வொரு மி.லி.யாக, இரண்டு மூன்று நிமிட இடைவெளியில், மூச்சைப் பார்த்துக்கொண்டே தர வேண்டும். மூச்சு பத்தைத் தாண்டினால் போதும். எழுப்பி உட்கார வைப்பது நோக்கமல்ல. முழுதாக விலக்கினால் வலி நிவாரணமும் சேர்ந்து போகிறது, அறுவைக்கு மறுநாள் அது கொடுமை.

வியாசர்பாடி அண்ணன்

மன்னிக்கவும், எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. என் தம்பி போதை ஊசிப் பழக்கத்திலிருந்து மீள அரசு மையத்தில் தினமும் நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்கிறான். அட்டையில் புப்ரினார்ஃபின் 2 மி.கி., நலாக்சோன் 0.5 மி.கி. என்று போட்டிருக்கிறது. நலாக்சோன் விலக்கும் மருந்து என்றால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்து ஏமாற்றுகிறார்களா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பெரம்பூர் மயக்கவியல்

தயவுசெய்து நிறுத்தாதீர்கள், தம்பி. நாக்கின் அடியில் வைத்தால் புப்ரினார்ஃபின் உடலுக்குள் ஏறும். நலாக்சோன் அவ்வழியே மிகக் கொஞ்சம்தான் ஏறும். விழுங்கியதை ஈரல் பெரும்பாலும் அழித்துவிடும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றாமல் இருப்பதற்காகத்தான் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஹெராயின் உடம்பில் இருக்கும்போது யாராவது அதை ஊசியாக ஏற்றினால் உடனே கடுமையான விலகல் வரும். உங்கள் தம்பிக்கு அதனால் தீங்கில்லை.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மையத்தில் முதல் மாத்திரையைத் தருவதற்கு முன் காத்திருக்கச் சொன்னார்களா?

வியாசர்பாடி அண்ணன்

ஆமாம் ஐயா. உடல் நடுங்கி, வியர்த்து, மூக்கு ஒழுகும்வரை உட்கார வைத்தார்கள். எங்களுக்கு அப்போது கோபமாக இருந்தது.

பெரம்பூர் மயக்கவியல்

அவர்கள் செய்தது மிகச் சரி. மாணவி இதைக் கவனிக்க வேண்டும், பகுதி அகோனிஸ்ட்டின் இயல்பு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. ஹெராயின் ஏற்பிகளைப் பிடித்து முழு வேகத்தில் கிளர்த்திக்கொண்டிருக்கும்போது புப்ரினார்ஃபின் வந்தால், இறுகப் பிடிக்கும் குணத்தால் ஹெராயினை வெளியே தள்ளிவிடும். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து குறைவாகவே கிளர்த்தும். மொத்தக் கிளர்ச்சி சட்டென்று விழுகிறது, விலகல் துன்பம் வருகிறது. அதே மாத்திரையை ஏற்பிகள் காலியான பிறகு தந்தால் கிளர்ச்சி ஏறும், துன்பம் அடங்கும். ஒரே மருந்து ஓரிடத்தில் அன்டகோனிஸ்ட்போல, இன்னோரிடத்தில் அகோனிஸ்ட்போல நடக்கும். அங்கே முன்னரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

திருவொற்றியூர் செவிலியர்

இரண்டாவது நோயாளியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. 0.8 மி.கி.க்கும் அசையாவிட்டால் அது ஓபியாய்டு இல்லை என்றுதான் எங்கள் வார்டில் சொல்லித்தந்தார்கள்.

பெரம்பூர் மயக்கவியல்

அந்த விதி மார்ஃபினுக்கும் ஹெராயினுக்கும் ஓரளவு பொருந்தும். புப்ரினார்ஃபினுக்குப் பொருந்தாது. மேலே போட்ட கணக்கில், எல்லா மருந்துகளும் ஏற்பியை விட்டு அடிக்கடி இறங்கி ஏறும் என்று நான் சொல்லாமலே எடுத்துக்கொண்டேன். மார்ஃபின் அப்படித்தான், சீக்கிரம் இறங்கும், இறங்கிய கணத்தில் நலாக்சோன் உட்கார்ந்துவிடும். புப்ரினார்ஃபின் இறங்கவே வெகு நேரமாகும். நலாக்சோன் அதைப் பிடித்து இழுத்து வெளியே போடுவதில்லை, இடம் காலியாகும்வரை காத்திருக்கத்தான் முடியும். ஒரே ஊசியாகப் போட்டால், இடம் காலியாவதற்குள் நலாக்சோன் இரத்தத்தில் கரைந்து குறைந்துவிடும். அதனால்தான் அளவோடு கால நீட்சியும் வேண்டும்.

நெதர்லாந்தின் லைடனில் தன்னார்வலர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. புப்ரினார்ஃபினால் குறைந்த மூச்சை 0.8 மி.கி. வரையான நலாக்சோன் மாற்றவில்லை. அரை மணி நேரத்தில் 2 முதல் 4 மி.கி. வரை செலுத்தியபோது மூச்சு முழுதாகத் திரும்பியது. 5 மி.கி.க்கு மேலே போனபோது பலன் மறுபடி குறைந்தது. கூட்டக் கூட்ட நல்லது என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கடைசி முடிவு முக்கியம். போட்டிக் கணக்கு மட்டும் அதை விளக்காது.

ராயபுரம் மாணவி

இப்போது புரிகிறது ஐயா. அப்படியென்றால் இளைஞருக்கு நலாக்சோன் வேலை செய்யாததற்குக் காரணம் புப்ரினார்ஃபின்தான் என்று எழுதிக்கொள்ளலாமா? புப்ரினார்ஃபினுக்கு மூச்சை அடக்குவதில் ஒரு உச்ச வரம்பு உண்டு, அதைத் தாண்டாது என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க அவருக்கு ஏழு வரை ஏன் இறங்கியது?

பெரம்பூர் மயக்கவியல்

வரம்பு உண்டு, ஆனால் அது மருந்து தனியாக இருக்கும்போது. ஏற்பிகள் எல்லாவற்றையும் பிடித்தாலும் கிளர்ச்சி ஒரு அளவோடு நின்றுவிடுவதால் அந்த வரம்பு வருகிறது. டயசெபாம் போன்ற தூக்க மாத்திரை வேறொரு ஏற்பியின் வழியே மூச்சை அடக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தூக்க மாத்திரையின் பங்கை நலாக்சோன் எவ்வளவு போட்டாலும் தொடாது.

ஆகவே காரணம் புப்ரினார்ஃபினா, தூக்க மாத்திரையா, இரண்டுமா என்று நீங்கள் எழுதிய விவரத்திலிருந்து சொல்ல முடியாது. கண்மணி எப்படி இருந்தது என்று எழுதவில்லை. உண்மையில் விழுங்கியது எது என்பதும் நண்பர்கள் சொன்னதுதான்.

திருவொற்றியூர் செவிலியர்

சிறுநீர்ப் பட்டைச் சோதனை எடுத்தார்களா? எங்களிடம் ஓபியேட் பட்டை இருக்கிறது.

பெரம்பூர் மயக்கவியல்

ஓபியேட் பட்டை மார்ஃபின் வகையைத்தான் காட்டும். புப்ரினார்ஃபின் அதில் வராது, அதற்குத் தனிப் பட்டை வேண்டும். ஓபியேட் பட்டையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக புப்ரினார்ஃபின் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ராயபுரம் மாணவி

கண்மணி பற்றிக் குறிப்பேட்டில் எதுவும் இல்லை. எடுத்த பட்டை ஓபியேட் வகைதான், எதுவும் காட்டவில்லை. புப்ரினார்ஃபின் பட்டையும் தூக்க மாத்திரைப் பட்டையும் ஆய்வகத்தில் இருக்கின்றனவா, மீதிச் சிறுநீர் வைத்திருக்கிறார்களா என்று திங்கட்கிழமை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.