படத்தில் எண்ணிய பணத்துக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் 450 இடிக்கிறது

எங்கள் சங்கத்தின் மாதக் கடைசி ரொக்கத்தை மேசையில் விசிறிபோல் பரப்பி எடுத்த ஒரே ஒரு படம்தான் கையில் இருக்கிறது. நோட்டுகள் அடுத்த மாத வசூலோடு கலந்துவிட்டன, மறுபடி எண்ண வழியில்லை.

படத்தில் எண்ணியது: 500 நோட்டு 72, 200 நோட்டு 31, 100 நோட்டு 54, 50 நோட்டு 12. மொத்தம் 48,200. புத்தகத்தில் கைவசம் இருப்பு 48,650. சில்லறைக் காசு கிடையாது.

கூட்டலை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டோம். 450 ஒன்பதால் வகுபடுவதால், 610-ஐ 160 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்குமோ என்று வவுச்சர்களோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டோம். அப்படி எதுவும் இல்லை.

என் சந்தேகம் வேறு. 500-ஐ 50 என்று எண்ணினாலும் சரியாக 450தான் குறையும். ஐம்பது வரிசையில் ஒரு நோட்டில் '50' வரைதான் தெரிகிறது, அதற்குப் பக்கத்தை மேல் நோட்டு மறைக்கிறது. மஞ்சள் விளக்கு வேறு, நிறத்தை நம்ப முடியவில்லை. மெசேஜில் வந்த படம் என்பதால் பெரிதாக்கினால் மங்குகிறது.

பற்றாக்குறை என்று எழுதுவதற்கு முன், அந்த ஒரு நோட்டு 500-ஆ 50-ஆ என்று இந்தப் படத்திலிருந்தே உறுதிசெய்ய என்ன வழி?