முனைக்கோணமா, துருவக்கோணமா?

கோபி:
திங்கட்கிழமை தமிழ்வழி பி.எஸ்சி. வகுப்புக்குக் குறிப்பு அச்சாக வேண்டும். 10 செ.மீ. ஆரமுள்ள கோளம், மேற்பரப்பில் மின்னழுத்தம் 100 cos θ வோல்ட். இந்த θ-வுக்குத்தான் பெயர் வேண்டும். போன வருடம் முனைக்கோணம் என்று எழுதினேன். முக்கோணத்தின் முனையா என்றார்கள் சிலர். வெளியே இருமுனையின் மின்னழுத்தம் வரும் என்றதும், அந்த முனையும் இந்த முனையும் ஒன்றா என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஈரோடு:
துருவக்கோணம். துருவம் நம் சொல்தான், உருண்டையைத் துருவிக்கொண்டு அச்சு போகிறதல்லவா, துருவு என்ற வினையே அடி!

பொள்ளாச்சி:
தேங்காய் துருவுவதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள் ஐயா. நிலையானது என்னும் வடசொல்தான் துருவம்.

ஈரோடு:
அப்படியென்றால் வேண்டாம், வடமீன்கோணம் என்போம்.

பொள்ளாச்சி:
சங்கப் பாட்டில் வடமீன் அருந்ததி. கற்புக்கு உவமை, கோணத்துக்கு அல்ல.

உடுமலை:
ஏனுங்க, அட்சக்கோணம் போதாதா? பூகோளத்தில் எல்லாரும் படித்ததுதானே.

பொள்ளாச்சி:
கோணம் சரி, எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் தப்பு. கோவையின் அட்சம் 11 டிகிரி, நடுக்கோட்டிலிருந்து. θ உச்சியிலிருந்து, அதாவது 79. 79-ஐப் போட்டால் சுமார் 19 வோல்ட், 11-ஐப் போட்டால் 98. பையன் நடுக்கோட்டில் 100 வோல்ட் என்று எழுதுவான், அங்கே இருக்க வேண்டியது சுழி.

பல்லடம்:
நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். உருண்டைக்குள் எங்கும் ஒரே அழுத்தம் என்றுதானே சொல்வார்கள்?

பொள்ளாச்சி:
அது உலோக உருண்டைங்க தம்பி. உலோகத்தில் மேற்பரப்பு முழுக்க ஒரே மின்னழுத்தம், அப்புறம் cos θ எங்கே வரும்? இது கடத்தாத ஓடு, மேலே மின்னூட்டம் ஒட்டியிருக்கிறது. உள்ளே மின்னழுத்தம் r-க்கு நேர்விகிதம்: அச்சில் மையத்திலிருந்து 5 செ.மீ. மேலே 50 வோல்ட், மையத்தில் சுழி. அதனால் உள்ளே மின்புலம் எங்கும் ஒரே அளவு, மீட்டருக்கு 1000 வோல்ட், கீழ்நோக்கி. வெளியே 1/r² ஆகக் குறையும், 20 செ.மீ.யில் 25 வோல்ட்தான். இதே 1/r²-ஐ உள்ளேயும் போடுகிறவன் மையத்தில் r சுழியாகும்போது மாட்டிக்கொள்வான், அங்கே மின்னூட்டம் ஏதும் இல்லாமலே விடை முடிவிலிக்கு ஓடும். வெளியே r-ஐப் போட்டால் தூரம் போகப் போக ஏறும். இரண்டு விடையும் மேற்பரப்பில் ஒன்றாகவே இருப்பதால், அங்கே மட்டும் சரிபார்க்கிறவன் தப்பைக் கண்டுபிடிக்க மாட்டான்.

பல்லடம்:
அச்சில் மேலே நூறு, கீழே?

பொள்ளாச்சி:
கழித்தல் நூறு.

உடுமலை:
நீங்களே உச்சி என்றுதானே எழுதினீர்கள்? உச்சிக்கோணம் என்றே வைக்கலாமே. தென்னை உச்சி, உச்சிவெயில், எவருக்கும் புரியும்.

பொள்ளாச்சி:
வரைபடத்தில் அச்சைச் சாய்த்துப் போட்டால் உச்சி பக்கவாட்டில் நிற்கும். ஆனாலும் கெட்ட சொல் இல்லை.

கோபி:
மணி பதினொன்றாகிறது. துருவக்கோணம் என்றே அனுப்பிவிட்டேன். நாலில் மூன்று பேருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோடு:
நான் சம்மதித்ததாக எழுத வேண்டாம். φ-க்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

கோபி:
இந்தக் கணக்கில் φ வரவே இல்லைங்க. வேறு கணக்குக்கு வரும்போது பார்த்துக்கொள்வோம்.