விற்பனை 10 சதவீதம் குறைந்தால் லாபம் 70 சதவீதம் சரியுமா?

புதுப்பேரேடு:
ஒரே விலை, ஒரே விற்பனை, ஒரே லாபம் கொண்ட இரண்டு நிறுவனங்களில் விற்பனை 10 சதவீதம் குறைகிறது. ஒன்றின் லாபம் 20 சதவீதமும் மற்றதன் லாபம் 70 சதவீதமும் குறைவதாக ஒரு பயிற்சிக் கணக்கில் விடை வருகிறது. நடைமுறையில் இப்படி நடக்குமா?

அடக்கவிலை:
நடக்கும். இரண்டு நிறுவனங்களும் ஒன்று 100 என்ற விலையில் ஆண்டுக்கு 10,000 பொருள்களை விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறுவனம் இயந்திரங்களை நிறுவித் தானே உற்பத்தி செய்கிறது. ஒரு பொருளுக்கு மூலப்பொருள் முதலிய மாறும் செலவு 30, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு 6 லட்சம் நிலைச்செலவு. இரண்டாவது நிறுவனம் வெளியே செய்யக் கொடுத்து ஒன்றை 80 என்ற விலைக்கு வாங்கிக்கொள்கிறது. அதன் நிலைச்செலவு 1 லட்சம்தான். இரண்டுக்கும் லாபம் 1 லட்சம்.

இப்போது 1,000 பொருள்கள் விற்காமல் போகின்றன. முதல் நிறுவனத்துக்கு ஒவ்வொரு பொருளும் நிலைச்செலவை அடைக்கத் தந்துவந்த பங்களிப்பு 70 என்பதால், அது 70,000 இழந்து 30,000 லாபத்தில் நிற்கிறது. இரண்டாவதன் பங்களிப்பு 20 மட்டுமே என்பதால், அது 20,000 இழந்து 80,000 லாபத்தில் நிற்கிறது. முதலாவது சரிந்ததற்குக் காரணம் அதன் 6 லட்சம் கூடியதல்ல, அது கொஞ்சமும் குறையாமல் நின்றதுதான். விற்பனை 10 சதவீதம் கூடியிருந்தால் இதே கணக்கில் லாபம் 1,70,000 ஆகியிருக்கும்.

நெம்புவிசை:
இதைத்தான் நானும் பல இடங்களில் சொல்லிவருகிறேன். முதல் நிறுவனத்தின் மொத்தச் செலவான 9 லட்சத்தில் 6 லட்சம் நிலைச்செலவு. ஆண்டறிக்கையில் தேய்மானம், வாடகை, சம்பளம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, அது மொத்தச் செலவில் பாதியைத் தாண்டினால் அந்த நிறுவனத்தின் லாபம் எப்போதும் ஊசலாடும் என்று முடிவுகட்டிவிடலாம். விற்பனை மாறும் சதவீதத்தைப்போல் எத்தனை மடங்கு லாபம் மாறுகிறது என்பதைக் காட்டும் ஆப்பரேட்டிங் லெவரேஜ் என்பது அந்த நிறுவனத்தின் பிறவிக்குணம்.

ஆலைக்கணக்கு:
இருவரும் மன்னிக்க வேண்டும். நான் பல ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிவருகிறேன். எங்களிடம் இருப்பதெல்லாம் இயந்திரங்கள்தாம்; செலவின் அமைப்பு ஏறக்குறைய நீங்கள் சொன்ன முதல் நிறுவனத்தைப் போன்றது. சென்ற ஆண்டு விற்பனை 10 சதவீதம் குறைந்தது, லாபமும் ஏறக்குறைய 10 சதவீதமே குறைந்தது. 70 சதவீதம் என்பதெல்லாம் வகுப்பறைக் கணக்கு.

அடக்கவிலை:
முதலில் நெம்புவிசைக்கு. நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் அதே முதல் நிறுவனம் அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு 20,000 பொருள்களை விற்பதாகப் பாருங்கள். பங்களிப்பு 14 லட்சம், நிலைச்செலவு மாறாமல் 6 லட்சம், லாபம் 8 லட்சம். அங்கிருந்து விற்பனை 10 சதவீதம் குறைந்தால் பங்களிப்பு 1,40,000 குறையும். லாபத்தில் அது 17.5 சதவீதம்தான். 10,000 பொருள்களை விற்ற இரண்டாவது நிறுவனத்தின் 20 சதவீதத்தைவிட இது குறைவு. எனவே இதைப் பிறவிக்குணம் என்று சொல்ல முடியாது. லாபமும் நட்டமும் இல்லாத புள்ளியிலிருந்து நிறுவனம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே ஊசலாட்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. முதல் நிறுவனத்துக்கு அந்தப் புள்ளி ஏறத்தாழ 8,572 பொருள்கள்; 10,000 விற்கும்போது அது பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது, 20,000 விற்கும்போது வெகுதூரம் விலகியிருக்கிறது.

ஆலைக்கணக்கு ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: விற்பனை குறைந்தபோது உற்பத்தியையும் குறைத்தீர்களா, அல்லது வழக்கம்போல ஓட்டினீர்களா? முதல் நிறுவனம் 10,000 பொருள்களைச் செய்து 9,000 மட்டும் விற்றால், முழு அடக்கவிலை முறையில் ஒவ்வொரு பொருளின்மீதும் நிலைச்செலவு 60 ஏறியிருக்கும். அடக்கம் 90, ஒன்றுக்கு லாபம் 10, ஆக 90,000 லாபம் என்று ஏடு சொல்லும். சரிவு சரியாக 10 சதவீதம்! மீதி 60,000 நிலைச்செலவு, விற்காத 1,000 பொருள்களோடு சேர்ந்து கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது.

நெம்புவிசை:
தூரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் இரண்டும் ஒரே அளவு விற்கும்போது முதலாவதுதான் அதிகம் ஆடும். 20,000 பொருள்களிலும் அப்படித்தான், கணக்கிட்டுப் பார்த்தேன். இன்னொன்று: 10,000 பொருள்களில் முதல் நிறுவனத்தின் லெவரேஜ் 7 என்றால், விலையை 10 சதவீதம் குறைத்தாலும் லாபம் 70 சதவீதம்தானே குறையும்? இரண்டாவது நிறுவனம் அங்கேயும் பாதுகாப்பாக இருக்குமே.

அடக்கவிலை:
முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள், நானும் ஒரு காலத்தில் வழுக்கியிருக்கிறேன். அந்த 7 என்பது விற்கும் எண்ணிக்கை மாறும்போது மட்டுமே பொருந்தும், ஏனென்றால் எண்ணிக்கை குறைந்தால் மாறும் செலவும் கூடவே குறைகிறது. விலை குறையும்போது எந்தச் செலவும் குறைவதில்லை. விலை 90 ஆகி எண்ணிக்கை 10,000 ஆகவே இருந்தால் இரண்டு நிறுவனங்களும் தலா 1 லட்சம் இழந்து, லாபம் இரண்டிலும் பூஜ்யமாகிவிடும்.

அதன்பின் பழைய லாபத்தை மீட்க, பங்களிப்பு 60 ஆகிவிட்ட முதல் நிறுவனம் சுமார் 11,667 பொருள்களை விற்றால் போதும். பங்களிப்பு 10 ஆகச் சுருங்கிவிட்ட இரண்டாவது நிறுவனமோ 20,000 விற்றாக வேண்டும். ஆகவே விலைக்குறைப்பில் தாங்கும் வலிமை முதலாவதுக்கே அதிகம். விமான நிறுவனங்கள் காலி இருக்கையைக் குறைந்த கட்டணத்துக்கேனும் விற்கத் துடிப்பது இதனால்தான். புறப்படவிருக்கும் விமானத்தில் கூடுதலாக ஒரு பயணி ஏறுவதால் ஆகும் செலவு மிகச் சிறிது. ஆனால் எல்லாரும் அப்படியே நினைத்துக் கட்டணத்தைக் குறைக்கும்போது, கூடுதல் பயணிகள் எவருக்கும் கிடைக்காமல் குறைந்த கட்டணம் மட்டும் எல்லாருக்கும் மிஞ்சுகிறது.

ஆலைக்கணக்கு:
இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். இறுதிச் சரக்கிருப்பு முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இயந்திரத்தை நிறுத்தினால் ஒரு பொருளின் அடக்கம் கூடிவிடும் என்று மேலாளர் சொன்னார், நாங்களும் ஓட்டிக்கொண்டே இருந்தோம். லாபம் காட்டிய அந்த ஆண்டில் வங்கிக் கடன் ஏன் கூடியது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் நெம்புவிசை சம்பளத்தை முழுவதும் நிலைச்செலவில் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். கூடுதல் நேர வேலையையும் ஒப்பந்தப் பணியாளர்களையும் நாங்கள் ஒரே மாதத்தில் குறைத்துவிடுகிறோம்.

நெம்புவிசை:
நிரந்தரப் பணியாளர்களின் சம்பளத்தையும் ஒரே மாதத்தில் குறைக்க முடியுமா? ஆண்டறிக்கை இரண்டையும் ஒரே வரியில்தான் காட்டுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நான் எப்படிப் பிரிப்பது?

அடக்கவிலை:
வெளியிலிருந்து துல்லியமாகப் பிரிக்க வழியில்லை. விற்பனை கூடிய ஆண்டிலும் குறைந்த ஆண்டிலும் அந்த வரி எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடுவது ஓரளவு உதவும், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விற்பனை கூடும்போது ஆளெடுப்பு உடனே நடக்கிறது. குறையும்போது ஆட்குறைப்பு தயங்கித் தயங்கி நடக்கிறது. ஏறுமுகத்தில் மாறும் செலவாகத் தெரிந்த அதே சம்பளம் இறங்குமுகத்தில் நிலைச்செலவாகிவிடும். அதனால் நல்ல ஆண்டுகளை மட்டும் வைத்து லெவரேஜைக் கணித்தவர் சரிவைக் குறைத்தே மதிப்பிட்டிருப்பார்.

புதுப்பேரேடு:
அப்படியானால் என் பயிற்சிக் கணக்கில் “நிலைச்செலவு 6 லட்சம்” என்ற வரிக்குப் பக்கத்தில், எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பொருள்கள் வரை என்று எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அதில் அப்படி எதுவும் இல்லை.