டைபோல்: அதிர்வெண் இரண்டு மடங்கானால் திறன் 16 மடங்கா, 4 மடங்கா? அவசரம்

பெருமாள்மலை_மாணவி · இரவு 8:52

வணக்கம். நாளைக் காலை வைவா இருக்கிறது. அலைவுறும் டைபோல் வெளிவிடும் திறன் அதிர்வெண்ணின் நான்காம் படியில் ஏறும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் 16 மடங்கு வர வேண்டும். எனக்குச் சரியாக 4 மடங்குதான் வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு? இங்கே நல்ல மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு_ஹாம் · இரவு 9:01

போட்டுப் பார்த்தேன் என்றால் கருவி வைத்து அளந்ததா, கணக்கா? அளந்ததென்றால் எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தீர்கள்? எனக்குத் தெரிந்து இதில் பத்துக்கு ஒன்பது பேர் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே மீட்டரை நீட்டுகிறார்கள். 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மீட்டர். ஐந்து மீட்டருக்குள் நின்றால் மீட்டர் காட்டுவதில் பெரும்பகுதி வெளியே போகும் அலையே இல்லை. டைபோலைச் சுற்றி வந்து திரும்பிவிடும் புலம்தான். நாற்பது மீட்டராவது தள்ளி வைத்துப் பாருங்கள்.

குன்னூர்_தேயிலை · இரவு 9:06

தூரமெல்லாம் வேண்டாம். நீங்கள் பார்த்தது மின்புலத்தின் வீச்சாக இருக்கும். தொலைவில் புலம் அதிர்வெண்ணின் வர்க்கத்தில் ஏறும், அதனால் 4. அதை இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் திறன், 16. வர்க்கம் போட மறந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கூடலூர்க்காரன் · இரவு 9:10

நல்ல இழை. எனக்கும் ஒரு சந்தேகம். கோடைப் பண்பலை 100.5 எங்கள் வீட்டு வாசலில் கேட்கிறது, அடுப்படியில் கேட்பதில்லை. அதிர்வெண் ஏறினால் 16 மடங்கு திறன் என்றால் எல்லா நிலையமும் இன்னும் மேலே போய் கரண்ட் செலவைக் குறைக்கலாமே?

மாறிலி · இரவு 9:14

இழைக்கு ஒரு கேள்வி போதும். கூடலூர், உங்களுக்கு மறைப்பது மலையும் சுவரும்.

மாணவிக்கு: கேள்வி கேட்கவும் பழக வேண்டும். என்ன சூத்திரம், என்ன மாறிகள் என்று சொல்லாமல் "எங்கே தப்பு" என்றால் யார் சொல்வது? 1897-இல் லார்மர் எழுதியதுதான் எல்லாம்: முடுக்கப்படும் மின்னூட்டம் வெளிவிடும் திறன் முடுக்கத்தின் வர்க்கம். அலைவில் முடுக்கத்தோடு அதிர்வெண்ணின் வர்க்கம் வரும். வர்க்கத்தின் வர்க்கம் நான்காம் படி. இதைப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

முத்தோரை · இரவு 9:20

மாணவி, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். அதிர்வெண்ணை மாற்றும்போது எதை மாறாமல் வைத்தீர்கள்?

பெருமாள்மலை_மாணவி · இரவு 9:27

கணக்குதான், அளக்கவில்லை. புலம் இல்லை, மொத்தத் திறன்தான். மாறாமல் என்றால் எல்லாமே ஒன்றுதான், அதிர்வெண் மட்டும்தான் மாற்றினேன்.

```
import math
I, L, c = 1.0, 1.0, 3e8
for f in (10e6, 20e6):
    R = 80 * math.pi**2 * (L*f/c)**2
    print(round(I**2 * R / 2, 2))
```

0.44, 1.75 என்று வருகிறது.

முத்தோரை · இரவு 9:49

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. நோட்டிலும் தப்பு இல்லை. "எல்லாமே ஒன்றுதான்" என்பதுதான் சரியில்லை.

நீங்கள் மாறாமல் பிடித்து வைத்தது மின்னோட்டம், 1 ஆம்பியர். நோட்டில் மாறாமல் இருப்பது இருமுனைத் திருப்புத்திறன், அதாவது முனையில் சேரும் மின்னூட்டத்தையும் நீளத்தையும் பெருக்கி வருவது. மின்னோட்டம் என்பது அந்த மின்னூட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை போய் வருகிறது என்பதைப் பொறுத்தது. அதே 1 ஆம்பியர் இரண்டு மடங்கு வேகத்தில் திசை மாறினால், ஒவ்வொரு முறையும் முனைக்குப் போய்ச் சேர அதற்குப் பாதி நேரம்தான் கிடைக்கும். முனையில் பாதி மின்னூட்டம்தான் சேரும்.

உங்கள் எண்களிலேயே பார்க்கலாம். 10 மெகாஹெர்ட்ஸில் முனையில் உச்சமாகச் சேர்வது சுமார் 16 நானோகூலும். 20-இல் அதே 1 ஆம்பியருக்கு 8 நானோகூலும்தான். திருப்புத்திறன் பாதியானால் திறன் கால்பங்கு. 16-இல் கால்பங்கு 4. உங்கள் 4 அப்படித்தான் வந்தது.

இப்போது 20-இலும் அந்த 16 நானோகூலும் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருங்கள். அதற்கு 2 ஆம்பியர் ஓட்ட வேண்டும். I இடத்தில் 2 போட்டு ஓட்டினால் 7.02 வரும். 0.44-க்கு அது 16 மடங்கு.

ஏன் நான்காம் படி என்று வைவாவில் கேட்டால் தையல் மிஷின் ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். மிதியை வேகமாக மிதித்தாலும் ஊசி ஏறி இறங்கும் தூரம் மாறாது. ஆனால் கீழ்முனைக்கு வந்து திரும்புகிறதே, அந்தத் திருப்பத்தைப் பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் வருவதை நிறுத்தித் திருப்ப வேண்டும், அதையும் பாதி நேரத்தில் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து முடுக்கம் நான்கு மடங்கு. தொலைவில் போய்ச் சேரும் புலம் அந்த முடுக்கத்துக்கு நேர்விகிதம். திறனுக்கு அதை வர்க்கப்படுத்தினால் 16. குன்னூர் சொன்னதில் இந்தக் கடைசிப் படி சரிதான், ஆனால் மாணவி அதை மறக்கவில்லை.

மாறிலி · இரவு 9:55

நான்காம் படிதான் விதி. மின்னோட்டத்தை வைத்து எழுதுவது பொறியாளர்களின் வசதிக்கு. மாணவியைக் குழப்ப வேண்டாம்.

முத்தோரை · இரவு 10:04

வசதிக்கு இல்லை ஐயா. எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பொருள்தான் முடிவு செய்கிறது. இங்கே ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு வடக்கு தெற்காகப் படுத்திருக்கும். அதன் குவியக் கோட்டில் 1056 டைபோல்கள். 326.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 92 செண்டிமீட்டர், அரை அலை டைபோல் என்றால் அதில் பாதி நீளம். அரை அலை டைபோலின் கதிர்வீச்சு மின்தடை சுமார் 73 ஓம். வத்தலக்குண்டு அண்ணன் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் கம்பி கட்டினாலும் அதே 73 ஓம்தான். அதிர்வெண் ஏற ஏற நீளத்தையும் குறைத்துக்கொண்டே போகிறோம், அதனால் ஒரே மின்னோட்டத்துக்கு ஒரே திறன். பூஜ்யம் படி! கூடலூர் கேட்டதற்கும் பாதி பதில் இதுதான்.

வத்தலக்குண்டு_ஹாம் · இரவு 10:12

என் தூரக் கதையை விட்டுவிடுகிறேன், அது அளப்பவர்களுக்கு. ஆனால் மாணவியின் 1 மீட்டர் கம்பியை நிஜத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கட்டியிருக்கிறேன்.

10 மெகாஹெர்ட்ஸில் அவ்வளவு குட்டையான டைபோல் ஒரு மின்தேக்கி மாதிரிதான் நடந்துகொள்ளும். சில பிகோஃபாரட். அதன் மறுப்பு சில ஆயிரம் ஓம், கதிர்வீச்சு மின்தடை ஒரு ஓம் கூட இல்லை. 1 ஆம்பியர் ஓட்ட சில ஆயிரம் வோல்ட் வேண்டும். சிக்னல் ஜெனரேட்டரை மாட்டி அதிர்வெண்ணை ஏற்றினால் மாறாமல் நிற்பது வோல்டேஜ்தான். வோல்டேஜ் மாறாவிட்டால் மின்தேக்கியில் சேரும் மின்னூட்டமும் மாறாது. மின்னூட்டம் மாறாவிட்டால் திருப்புத்திறனும் மாறாது. அப்போது தானாகவே நான்காம் படி வந்துவிடும்! ஆக, மேசையில் கட்டிப் பார்ப்பவருக்கு 16-தான் கிடைக்கும். கம்பி அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதுவும் மெல்ல விலக ஆரம்பிக்கும்.

இன்னொன்று, 80 என்பது கம்பி முழுக்க ஒரே மின்னோட்டம் என்று வைத்துக்கொண்டது. அதற்கு முனைகளில் ஹெர்ட்ஸ் வைத்தது போல உருண்டையோ தகடோ வேண்டும். வெறும் கம்பியில் மின்னோட்டம் முனையில் பூஜ்யமாகிவிடும், 80-க்குப் பதில் 20. விகிதம் மாறாது, வாட் கால்பங்காகும்.

குன்னூர்_தேயிலை · இரவு 10:20

அப்படியென்றால் வானம் நீலம் என்பது எதை மாறாமல் வைத்து வருகிறது? அதுவும் நான்காம் படிதானே. எங்கள் மலைக்கு நீலகிரி என்று பேர் வந்ததே தூரத்திலிருந்து நீலமாகத் தெரிவதால்தான்.

கூடலூர்க்காரன் · இரவு 10:23

பேர் வந்தது குறிஞ்சிப் பூவால். தைல மரத்து எண்ணெய் ஆவியால் நீலம் என்றும் சொல்வார்கள்.

குன்னூர்_தேயிலை · இரவு 10:25

தைல மரம் இங்கே வந்ததே 19ஆம் நூற்றாண்டில். பேர் அதற்கு எவ்வளவோ முந்தியது. குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் வருஷம் முழுக்க மலை நீலம்தான்.

கூடலூர்க்காரன் · இரவு 10:27

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலையே நிறம் மாறினால் அதை வைத்துத்தான் பேர் வைப்பார்கள்.

முத்தோரை · இரவு 10:41

பேர்ச் சண்டையை நான் தீர்க்க முடியாது. நீலத்தை மட்டும் சொல்கிறேன்.

காற்றின் மூலக்கூறில் எலக்ட்ரான் கட்டுண்டு கிடக்கிறது. அதன் சொந்த அதிர்வெண் புற ஊதாவில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு வெகு மேலே. அதனால் சிவப்பொளி தள்ளினாலும் நீல ஒளி தள்ளினாலும், தள்ளும் புலம் சமமாக இருந்தால் அது ஏறக்குறைய ஒரே தூரம்தான் அசையும். திருப்புத்திறன் மாறாது, ஆகவே நான்காம் படி. இந்த நான்காம் படியை 1871-இலேயே ராலே சொல்லிவிட்டார். 650 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நீலம் நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாகச் சிதறும். தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவே உள்ள காற்றும் இதே வேலையைச் செய்கிறது.

மாணவி பெருமாள்மலை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேலே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறதே, அங்கே ஆராயும் சூரியனின் கொரோனா முழு கிரகணத்தில் வெள்ளையாகத் தெரியும். அதுவும் எலக்ட்ரான்கள் சிதறடித்த சூரிய ஒளிதான், ஆனால் நீலம் இல்லை. அங்கே எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. பிடித்து இழுக்க ஸ்பிரிங் இல்லாததால் வேகமாகத் தள்ளினால் குறைந்த தூரமே அசையும்: அதிர்வெண் இரண்டு மடங்கானால் கால்பங்கு தூரம். முடுக்கம் மாறாமல் நின்றுவிடுகிறது. 16-ஐ அந்தக் கால்பங்கின் வர்க்கம் அப்படியே தின்றுவிடும். எல்லா நிறமும் சமமாகச் சிதறும்.

மாறிலி · இரவு 10:50

கொரோனா உதாரணம் சரி. மின்னோட்டத்தில் எழுதுவது பற்றி என் கருத்து மாறவில்லை.

குன்னூர்_தேயிலை · இரவு 10:53

அப்போது சோலைக்குள் இறங்கும் மூடுபனி ஏன் வெள்ளை? அதுவும் சிதறல்தானே.

வத்தலக்குண்டு_ஹாம் · இரவு 10:58

பனித்துளி அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு துளி முழுக்க ஒரே டைபோலாக ஆட முடியாது, அதன் ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே வந்திருக்கும். இந்த விதி அங்கே நுழையவே நுழையாது. வேறு கணக்கு, அது எனக்குப் பாதிதான் தெரியும்.

பெருமாள்மலை_மாணவி · மறுநாள் பிற்பகல் 1:36

ராத்திரி கரண்ட் போய்விட்டது, முத்தோரை அண்ணா 9:49-க்கு எழுதியது வரைதான் படித்தேன். I = 2 போட்டு 7.02 வந்தது. வைவாவில் நான்காம் படி ஏன் என்று கேட்டார்கள், தையல் மிஷின் சொன்னேன். உடனே "எதை மாறாமல் வைத்தால்?" என்றார்கள், சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அரை அலை டைபோலுக்கு ஏன் வராது என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். இப்போதுதான் 73 ஓம் பதிலைப் பார்க்கிறேன். பஸ் வந்துவிட்டது, மிச்சம் அப்புறம் படிக்கிறேன். நன்றி.

கூடலூர்க்காரன் · பிற்பகல் 2:10

அடுப்படி ரேடியோவுக்கு யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.