ஹாலோ பிளாக் சுவரில் மாட்டிய அவுட்டோர் ஸ்டாண்ட் சரிந்தது: என் அனுபவமும் உங்களிடம் ஒரு கேள்வியும்

தொடக்கப் பதிவு: பள்ளி ஆசிரியை, சென்னை

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. கோடை தொடங்கும் முன் படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. வாங்கினோம். பொருத்த வந்தவர் வெளிச்சுவரில் நான்கு துளைகள் போட்டு, ஆங்கர் போல்ட் அடித்து, ஸ்டாண்டின் இரு கைகளையும் முடுக்கி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுச் சென்றார். மூன்று வாரம் கழித்து, இரவில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் சுவருக்குள் யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல ஓர் அதிர்வுச் சத்தம் கேட்டது.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கம்ப்ரஸர் இருக்கும் பக்கத்துக் கையின் மேல் போல்ட் அருகே, சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. கொத்தனாராக இருக்கும் என் மாமா தம்முடைய ரசமட்டத்தைக் கொண்டுவந்து அந்தக் கையின்மேல் நீளவாட்டில் வைத்தபோது, குமிழி சுவர்ப் பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. 45 செ.மீ. நீளமுள்ள கையின் முனை ஏறத்தாழ 7 மி.மீ. தாழ்ந்திருந்தது. மற்றொரு கை மட்டமாகவே இருந்தது. கீழே நடைபாதை இருப்பதால் அன்றே ஏ.சி.யை நிறுத்தி, அவுட்டோரைச் சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டி, கீழே யாரும் நடக்காதபடி தடுப்பு வைத்தோம். போல்டை இன்னும் கொஞ்சம் முடுக்கினால் போதும் என்று பொருத்தியவர் தொலைபேசியில் சொல்கிறார். அது போதுமா என்பதே என் கேள்வி.

மறுமொழி: ஏ.சி. மெக்கானிக், மதுரை

அம்மா, தயவுசெய்து முடுக்க விடாதீர்கள். ஸ்பானரைத் திருப்பும்போது நட் இறுகாமல் போல்டும் கூடவே சுற்றினால், உள்ளே பிடிப்பு இல்லை என்று பொருள். துளை போட்ட நாளில் டிரில் எப்படி நடந்துகொண்டது என்று நினைவிருக்கிறதா? செங்கல் என்றால் சிவப்புத் தூள் கடைசிவரை சீராக வரும். கான்கிரீட் என்றால் சாம்பல் நிறத் தூள் வரும், டிரில் முக்கி முக்கித்தான் போகும். ஹாலோ பிளாக்கில் முதலில் பூச்சும் பிறகு கொஞ்சம் கெட்டியும் இருக்கும், அதற்குப் பிறகு டிரில் திடீரென்று தொபுக்கென உள்ளே விழும். அந்த விழுதலை உணர்ந்த பிறகும் சாதாரண ஆங்கரை அடிப்பது, என் இருபது வருட அனுபவத்தில், வேலை தெரிந்தவர் செய்யும் காரியம் அல்ல.

மறுமொழி: வீட்டு உரிமையாளர், கோயம்புத்தூர்

முனை கொஞ்சம் தாழ்ந்திருப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். மழைத்தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் ஓட வேண்டும் என்பதற்காக, எங்கள் வீட்டில் வேண்டுமென்றே முன்பக்கம் சாய்த்துத்தான் வைத்தார்கள். ஐந்து ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை.

மறுமொழி: இல்லத்தரசி, தஞ்சாவூர்

எங்கள் வீட்டிலும் இதே மட்டப் பிரச்சினைதான். படுக்கையறைச் சுவரில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஸ்டாண்டைச் சரிசெய்தால் நின்றுவிடுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி

தஞ்சாவூர் சகோதரிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது உள்ளே இருக்கும் யூனிட்டின் வடிகால் குழாய் அடைத்திருப்பதாலோ சரிவு தவறியிருப்பதாலோ வருவது, வெளி ஸ்டாண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோவை நண்பர் சொல்வதில் பாதி சரி. தண்ணீர் வெளியேற வேண்டும்தான், ஆனால் அதற்காகவே அவுட்டோரின் அடித்தட்டில் துளைகள் இருக்கின்றன. கம்ப்ரஸர் ரப்பர் கால்களின்மேல் நிற்கிறது, அதன் அடியில் எண்ணெயும் இருக்கிறது. ஆகவே யூனிட் மட்டமாக இருப்பதே முறை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வைக்கும்போதே சாய்த்தது ஒரு சங்கதி, வைத்த பிறகு தானாகச் சாய்ந்தது முற்றிலும் வேறு சங்கதி. பின்னது சுவர் நமக்குத் தரும் தகவல்.

ஆசிரியை அவர்களே, நீங்கள் தந்த அளவுகளை வைத்தே கணக்கிடலாம். முனை 7 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, கை 45 செ.மீ. நீளம். இத்தகைய ஸ்டாண்டில் மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் பொதுவாக 25 செ.மீ. இடைவெளி இருக்கும். கீழ் முனையை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு கை சுழன்றிருந்தால், மேல் போல்ட் ஏறத்தாழ 4 மி.மீ. வெளியே வந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்த நகம் நுழையும் இடைவெளி இதுதான்.

இனி பளு. யூனிட் 35 கிலோ என்றும், அதன் நடுப்பகுதி சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் கொண்டால், மேல் போல்டுகளை வெளியே இழுக்கும் விசை 35ஐ 30ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் வரும் 42 கிலோ. இரண்டு போல்டுக்குமாக இது பெரிய சுமை அல்ல. கம்ப்ரஸர் பக்கம் கூடுதலாக ஏற்றாலும் நல்ல கான்கிரீட்டில் சரியாகப் பிடித்த ஓர் ஆங்கர் இதைத் தாங்கும். ஆனால் சர்வீஸுக்கு வரும் 70 கிலோ மனிதர் சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஒரு கையின்மேல் தம் எடையைப் போட்டால், அந்த ஒரே போல்டில் கூடுதலாக 112 கிலோ இழுவிசை வரும். ஸ்டாண்ட் ஏறி நிற்பதற்கானது அல்ல, ஆனாலும் சாய்ந்துகொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாரும் ஏறாமலே போல்ட் வந்ததற்குக் காரணம் வேறு. 75 மி.மீ. ஆங்கரில் 20 மி.மீ. பூச்சுக்குள் போய்விடுகிறது, அதற்கு வலு கிடையாது. பிளாக்கின் ஓடு 30 மி.மீ. அளவுதான் இருக்கும். விரிந்து பிடிக்க வேண்டிய நுனி அதையும் தாண்டி வெற்றிடத்தில் போய் விரிந்திருக்கிறது. கம்ப்ரஸரின் அதிர்வு மீதியைச் செய்துவிட்டது.

மறுமொழி: ஏ.சி. மெக்கானிக், மதுரை

ஐயா சொன்னது சரி. நானாக இருந்தால் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து, காப்பர் பைப்பைக் கழற்றி, யூனிட்டை இறக்கிவிட்டு, வலைக்குழல் வைத்துக் கெமிக்கல் ஆங்கர் போடுவேன். துளையில் தூள் இருந்தால் பசை பிடிக்காது என்பதால், ஊதியும் பிரஷ் போட்டும் சுத்தம் செய்வது கட்டாயம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி

அந்த முறையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே விரிசல் விட்ட ஓட்டில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. சுவரை முழுவதும் துளைத்து, அறைக்குள் ஓர் இரும்புத் தகடு வைத்து நீள போல்டால் பிணைப்பதே மேல். பக்கத்தில் கான்கிரீட் பீம் இருந்தால் ஸ்டாண்டை அங்கே நகர்த்துவது அதைவிட மேல்.

தொடக்கப் பதிவர்: பள்ளி ஆசிரியை, சென்னை

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதுபோலவே டிரில் திடீரென்று உள்ளே விழுந்ததும், பொருத்தியவர் ஒரு கணம் நிறுத்திப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அதன் பொருள் தெரியவில்லை. பீம் எட்டாத உயரத்தில் இருந்ததால் பழைய துளைகளை அடைத்துவிட்டு, அரையடி தள்ளி நீள போல்டும் உள்தகடுமாக வேலை முடிந்தது. வேறொரு மெக்கானிக், இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு செய்தார்.

யூனிட்டை ஏற்றும் முன் மாமா ஒரு சோதனை வைத்தார். கீழே தடுப்பு அப்படியே இருக்க, வெற்று ஸ்டாண்டின் இரு கைகளுக்கும் குறுக்கே அலுமினியப் பட்டியை வைத்து ரசமட்டம் பார்த்தார், பிறகு ஒவ்வொரு கையிலும் நீளவாட்டில் பார்த்தார். இரும்பின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு போட்டார். அதன்பின் யூனிட்டின் கால் வரும் இடத்தில், சிமெண்ட் சாக்கில் 50 கிலோ மணலை நிரப்பி, தனிக் காப்புக் கயிறும் கட்டி, ஒரு கைக்கு அரை மணி நேரம் வீதம் தொங்கவிட்டார். கோட்டை விட்டு இரும்பு நகரவில்லை, குமிழியும் நடுவிலேயே நின்றது. அதன் பிறகே ரப்பர் வாஷர் வைத்து யூனிட் ஏறியது.

அறைக்குள் தகடு தெரிவதில் வீட்டில் சிலருக்கு வருத்தம் உண்டு. மாதம் ஒருமுறை சன்னல் வழியாக அந்தப் பென்சில் கோட்டைப் பார்க்கிறேன், இதுவரை மாற்றமில்லை. வெளிப்பக்கத் துளைகளின் ஓரத்தை மழைக்கு முன் எதைக் கொண்டு அடைப்பது, சிலிகானா அல்லது சிமெண்ட் கலவையா? மாமா கலவை என்கிறார், மெக்கானிக் சிலிகான் என்கிறார்.

மறுமொழி: ஏ.சி. மெக்கானிக், மதுரை

சிலிகான்தான் அம்மா. அதிர்வில் கலவை வெடித்துவிடும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், திருச்சி

துளையின் உட்புறம் கலவை, வெளி ஓரத்தில் மட்டும் சிலிகான் என்பது என் பழக்கம். மதுரைக்காரர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை.