தோஹா கியூ.எஸ். அனுபவம் சென்னையிலும் திருச்சியிலும் எடுபடுமா?

பெரம்பலூரான்
தோஹாவில் 9 வருடமாகக் குவான்டிட்டி சர்வேயர், அதாவது கியூ.எஸ். வேலை. உலகக்கோப்பை முடிந்த பிறகு புராஜெக்ட் குறைந்துவிட்டது, அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை, ஊருக்கே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். லீவில் வந்தபோது திருச்சியில் ஒரு பில்டரிடம் இன்டர்வியூ போனேன். "அந்த எக்ஸ்பீரியன்ஸ் இங்க செல்லாதுங்க, நாலு வருஷ ஆளுக்குக் குடுக்குற சம்பளம்தான் குடுக்க முடியும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எல்லா இடத்திலும் இப்படித்தானா?

தஞ்சை ராஜா
எல்லா இடத்திலும் இப்படித்தான் ப்ரோ. நானும் அபுதாபியில் இருந்துவிட்டு வந்தவன். இங்கே யாருக்கும் நம் வேலையின் தரம் தேவையில்லை, குறைந்த சம்பளத்துக்கு ராத்திரி 9 மணி வரை உட்கார ஆள்தான் தேவை. இன்டர்வியூவில் முதல் கேள்வியே "ஏன் திரும்பி வந்தீங்க", இரண்டாவது கேள்வி "மறுபடி போயிடுவீங்களா". வேலையைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைத்துவிட்டு அங்கேயே இருங்கள்.

கோவை கான்ட்ராக்டர்
ராஜா தம்பி சொல்வதைக் கேட்டால் நாங்கள் எல்லாம் வேண்டுமென்றே அமுக்குகிற மாதிரி இருக்கிறது. ஆள் எடுக்கிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கல்ஃபில் இருந்து வந்த கியூ.எஸ். சிலரை எடுத்துப் பார்த்துவிட்டேன். பேச்சு, ஆங்கிலம், எக்செல் எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஒரு கன மீட்டர் எம்25 கான்கிரீட்டுக்கு ரேட் அனாலிசிஸ் போட்டுக் கொடுங்கள் என்றால் கை நின்றுவிடும், ஏனென்றால் அங்கே பெரிய கம்பெனியில் ஒருவர் சப்-கான்ட்ராக்டர் பில் மட்டும் பார்ப்பார், இன்னொருவர் வேரியேஷன் மட்டும் பார்ப்பார். இங்கே ஒரே ஆள் அளவெடுத்து, அதை எம்-புக்கில் எழுதி, அதுவரை முடிந்த வேலைக்கு ஆர்.ஏ. பில் போட்டு, சனிக்கிழமை லேபர் பேமென்ட்டுக்குக் கணக்கும் கொடுக்க வேண்டும்.

பூச்சு வேலையில் ஜன்னலுக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். ஐஎஸ் 1200 அளவு விதிகள் படி 0.5 சதுர மீட்டர் வரை கழிக்கவே கூடாது, அதற்கு மேல் 3 வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அவர் எல்லாத் திறப்பையும் இரண்டு பக்கமும் கழித்துவிட்டார். அந்தக் கணக்கோடு கிளையன்ட்டிடம் பில் போட்டால் நஷ்டம் எனக்குத்தான். அதனால் திருச்சிக்காரர் சொன்னதில் தப்பில்லை என்பேன்.

சிங்கப்பூர் சுமதி
நான் கியூ.எஸ். இல்லை, டாக்குமென்ட் கன்ட்ரோலராக சிங்கப்பூரில் இருந்தேன், சென்னைக்குத் திரும்பி வந்தேன். இவர்கள் எல்லாரும் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அதைவிட ஆபீஸ் பழக்கம்தான் தாங்க முடியாமல் இருந்தது. ரிவிஷன் மாறிய டிராயிங்கை மெயிலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பேன், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முடிவெல்லாம் போனிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நடந்து முடிந்திருக்கும். பழைய ரிவிஷனை வைத்து சைட்டில் கம்பி கட்டிவிட்டார்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன், அங்கே அப்படிச் சொல்வதுதான் என் வேலையே. இங்கே மேனேஜர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. வீட்டில் சொன்னால் "நீ மாறிட்ட" என்கிறார்கள். சொந்த ஊருக்கு வந்தும் வெளியூர்க்காரி மாதிரி இருந்த அந்த முதல் ஆறு மாதத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான்: போனில் சொன்னதைச் சரி என்று கேட்டுக்கொண்டு, அன்றைக்குச் சாயங்காலமே "பேசியபடி" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுவேன். தப்பைக் கண்டுபிடித்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல்வேன். என் வேலையில் இதைக் குறைத்துக்கொண்டதாக நான் நினைக்கவில்லை, ஆனால் கோபம் இன்னும் போகவில்லை.

கிளாஸ் இருபது
மெட்ரோ வேலையில் கான்ட்ராக்டர் தரப்பில் கான்ட்ராக்ட்ஸ் பார்க்கிறேன், ஆள் எடுக்கும் பேனலிலும் உட்காருகிறேன். கோவை அண்ணா சொல்வது அவருடைய வேலைக்கு முழுக்க உண்மை. அதை எல்லா வேலைக்கும் பொருத்துவதுதான் பிரச்சினை.

பெரம்பலூரான், உங்கள் அனுபவத்தை யாரிடம் கொண்டுபோகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருச்சி பில்டர் ஃபிளாட் கட்டி விற்கிறார். அவருக்கு கிளெய்ம் என்று ஒன்று கிடையாது, மேஸ்திரியோடு ரேட் பேசுகிற ஆள்தான் வேண்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவர்களின் கடனில் நடக்கிறது. அந்த மாதிரிக் கடனில் வரும் பெரிய சிவில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் அடிப்படையில் இருக்கும். ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகத்தில் கிளாஸ் 20.1 என்ன சொல்கிறது? தாமதத்துக்கான காரணம் தெரிந்த 28 நாளுக்குள் கான்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 42 நாளுக்குள் விவரமான கிளெய்ம் போக வேண்டும். நோட்டீஸ் தவறினால் கூடுதல் நாளும் கிடையாது, பணமும் கிடையாது. நகரத்துக்குள் நிலம் கைக்கு வரத் தாமதம், பூமிக்கடியில் யாருக்கும் தெரியாத கேபிளும் பைப்பும் என்று தினமும் ஏதாவது வரும். உள்ளூரில் நன்றாக வேலை தெரிந்த என்ஜினீயர்கள் பலர் "அப்புறம் பேசித் தீர்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள், 28 நாள் ஓடிவிடும். அங்கே எதையும் எழுத்தில் கேட்டுப் பழகியவனுக்கு இந்த இடத்தில் சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

ஆனால் இன்டர்வியூவில் உங்களைப் போன்றவர்கள் சொதப்புவது ஒரே மாதிரி. "இத்தனை நூறு கோடி ரியால் புராஜெக்ட்" என்று ஆரம்பிப்பார்கள். அது கம்பெனியின் கணக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு வேரியேஷனை எடுத்துச் சொல்லுங்கள்: என்ன மாறியது, எந்தத் தேதியில் நோட்டீஸ் போனது, ரேட்டை எங்கிருந்து எடுத்தீர்கள், கன்சல்டன்ட் எவ்வளவு வெட்டினார், கடைசியில் எவ்வளவு வந்தது. கம்பெனி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், வாயால் சொன்னால் போதும். ஐந்து நிமிடம் இதைத் தடுமாறாமல் சொல்லிவிட்டால் அபுதாபியா தோஹாவா என்று யாரும் கேட்க மாட்டோம்.

தஞ்சை ராஜா
மெட்ரோவில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் சார்? ஊர் முழுக்கத் திரும்பி வருகிறார்கள். அதுவும் சென்னையில்தான், அவருக்கு அப்பா இருப்பது பெரம்பலூரில்.

கிளாஸ் இருபது
இடம் குறைவுதான், அதை மறுக்கவில்லை. பெரம்பலூரில் இருந்துகொண்டு இந்த வேலை பார்க்க முடியாது என்பதும் உண்மை.

பெரம்பலூரான்
நன்றி சார், கிளாஸ் 20 நான் தினமும் பார்ப்பதுதான், அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இன்னொன்று. எனக்கு இங்கே மாதம் 11,000 ரியால். சென்னையில் ஒரு கன்சல்டன்சி வருடத்துக்கு 12 லட்சம் சி.டி.சி. என்கிறார்கள். மாதம் ஒரு லட்சம் கையில் வருமா?

கிளாஸ் இருபது
வராது. தோஹா சம்பளத்தில் பேசின தொகை கைக்கு வரும், இங்கே சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, அதற்குள் எல்லாம் அடக்கம். உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 6 லட்சம் என்று வையுங்கள். கம்பெனி பங்கு பி.எஃப். 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 29,000. வேரியபிள் 10 சதவீதம் வைத்தால் 1,20,000, அது வருடக் கடைசியில் வந்தால் உண்டு. மீதி 9,79,000 சொச்சம், மாதம் 81,500. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 6,000 போனால் 75,000 சுற்றி நிற்கும். புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் வரி வராது. இது இங்கே முழு வருடம் இருந்தால். திரும்பி வரும் வருடத்தில் என்.ஆர்.ஐ. கணக்கில் வந்தால் அந்தத் தள்ளுபடி கிடைக்காது, ஆடிட்டரைக் கேளுங்கள். சி.டி.சி. எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, சம்பளப் பிரிவுத் தாளை ஆஃபருக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள்.

கோவை கான்ட்ராக்டர்
11,000 ரியாலை ரூபாயாக்கி இரண்டரை லட்சம் என்று மனதில் வைத்துக்கொண்டு வருவதுதான் பாதிச் சிக்கல். குடும்பத்தோடு அங்கே இருந்தால் வாடகை, ஸ்கூல், வண்டி போக எவ்வளவு மிஞ்சியது? அதை இங்கே மிஞ்சுவதோடு ஒப்பிடுங்கள்.

கிளாஸ் தம்பி, ஒன்று கேட்கிறேன். கத்தாரில் வாட் வரியே கிடையாது. இவர் ஜி.எஸ்.டி. பில் பார்த்ததே இல்லை. ஒரு ஆர்.ஏ. பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்து, டி.டி.எஸ்., லேபர் செஸ், ரிடென்ஷன், மொபிலைசேஷன் அட்வான்ஸ் எல்லாம் கழித்துக் கைக்கு எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரியாதவருக்கு 9 வருட சம்பளம் எப்படிக் கொடுப்பது?

கிளாஸ் இருபது
அதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம் அண்ணா. நோட்டீஸ் எழுதும் பழக்கம் அப்படி வராது.

கோவை கான்ட்ராக்டர்
அந்த ஒரு மாதச் சம்பளத்தை நான்தானே கொடுக்கிறேன். மறுபடி விசா வந்தால் போய்விடுவாரா என்று கேட்பதும் அதனால்தான். ஒருவர் ஏழு மாதத்தில் கத்தாருக்கே போய்விட்டார், பாதி ஃபைனல் பில்லில் விட்டுவிட்டு.

தஞ்சை ராஜா
இங்கே சம்பளம் ஒழுங்காக இருந்தால் ஏன் போகப் போகிறார்?

சிங்கப்பூர் சுமதி
பெரம்பலூர் அண்ணா, மறுபடி போய்விடுவீர்களா என்ற கேள்விக்கு "அப்பாவைப் பார்க்க வந்தேன்" என்று மட்டும் சொன்னால், அப்பா சரியானதும் போய்விடுவீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் அப்படித்தான் நடந்தது. பிள்ளையை இங்கே ஸ்கூலில் சேர்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் முகம் மாறியது. அப்புறம், கம்பெனியை விட்டு வரும் முன் அனுபவச் சான்றிதழில் பதவியும் தேதியும் சரியாக இருக்கிறதா பாருங்கள், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் மொத்தமாக எடுத்து வையுங்கள். என் பழைய கம்பெனி மூடிவிட்டது, வெரிஃபிகேஷனுக்கு போன் எடுக்கவே ஆள் இல்லை, அந்த ஸ்டேட்மென்ட்தான் காப்பாற்றியது.

பெரம்பலூரான்
சான்றிதழில் "சைட் என்ஜினீயர்" என்று விசாவில் உள்ள பதவியைத்தான் போடுவார்கள், நான் முழுக்க கியூ.எஸ். வேலை பார்த்தவன். இதை எப்படிச் சரிசெய்வது?

கிளாஸ் இருபது
எச்.ஆர். மாற்றித் தர மாட்டார்கள். உங்கள் கமர்ஷியல் மேனேஜரிடம் கம்பெனி லெட்டர்ஹெட்டில், என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதிய கடிதம் ஒன்று தனியாக வாங்குங்கள். அவர் அங்கே இருக்கும்போதே வாங்குங்கள். ரெஸ்யூமேயில் விசா பதவியையும் பார்த்த வேலையையும் இரண்டையும் போடுங்கள், மறைத்தால் வெரிஃபிகேஷனில் மாட்டும்.

கோவை கான்ட்ராக்டர்
இதில் கிளாஸ் தம்பியோடு எனக்கும் ஒப்புதல்தான். சம்பள விஷயத்தில் மட்டும் ஒப்புதல் இல்லை. பெரம்பலூரான், ஐஎஸ் 1200-ஐயும் ஜி.எஸ்.டி. பில்லையும் ஊருக்கு வரும் முன் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு கோவைக்கு வந்தால் ரேட் அனாலிசிஸ் கொடுத்துப் பார்க்கிறேன், சரியாக வந்தால் சம்பளம் பேசலாம்.