ஸ்டாக் எல்லாம் டேலி ஆகியும் ஒர்க்கிங் பேப்பர் திரும்பி வந்துவிட்டது – அவசரம்

இரண்டாம்_வருஷ_ஆர்ட்டிகிள்
வணக்கம். ஒரு கிளையன்ட்டின் வருஷக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கைக்கு ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள். 40 ஐட்டம் எண்ணிப் பார்த்தேன், 40-ம் புத்தகத்தோடு ஒத்துப்போனது. ஷீட்டில் டிக் அடித்து, கையெழுத்து வாங்கி, சில போட்டோக்களோடு ஃபைலில் வைத்துவிட்டேன். மேனேஜர் "இது போதாது, திருப்பி எழுது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பார்ட்னர் பார்க்கிறார். எது விட்டுப்போயிருக்கும்? ஃபார்மட் இருந்தாலும் அனுப்புங்கள்.

கோவை_கணக்கர்
என்ன தொழில்? எந்தத் தேதியில் எண்ணினார்கள்? அந்த 40 ஐட்டத்தை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? இது மூன்றும் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

தணிக்கைத்_தூண்
எஸ்ஏ 501-ஐ ஒருமுறை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்போதெல்லாம் ஆர்ட்டிகிள் பிள்ளைகள் ஃபார்மட் கேட்கிறார்கள், ஸ்டாண்டர்டைக் கேட்பதில்லை. எண்ணுவது கம்பெனியின் வேலை. அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று கவனிப்பதும், அதைச் சோதித்துப் பார்ப்பதும்தான் உன் வேலை. அதை எழுதினாயா?

மளிகை_செல்வம்
எனக்கும் இதே பிரச்சனைதான் சார். டாலியில் துவரம் பருப்பு மைனஸில் காட்டுகிறது, கடையில் மூட்டை கண்ணெதிரே இருக்கிறது. ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா?

கோவை_கணக்கர்
செல்வம் அண்ணா, உங்களுடையது வேறு விஷயம். கொள்முதல் பில்லைப் போடும் முன் விற்பனையைப் போட்டிருப்பீர்கள். தனி இழை தொடங்குங்கள், பார்க்கலாம்.

இரண்டாம்_வருஷ_ஆர்ட்டிகிள்
திருப்பூர் பனியன் கம்பெனி சார். எண்ணியது ஏப்ரல் 5. டாலியிலிருந்து ஸ்டாக் பட்டியலை பிரின்ட் எடுத்து, ஸ்டோர்காரர்கள் அதை வைத்துக்கொண்டே எண்ணினார்கள். நானும் அந்தப் பட்டியலில் இருந்துதான் 40 எடுத்தேன். கொஞ்சம் துணி டையிங்கில் இருக்கிறது, அது பட்டியலில் தனியாக இருந்தது.

க்ளிக்_ஆடிட்டர்
போட்டோதான் குறை. ஒவ்வொரு அடுக்கையும் இடமும் நேரமும் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தால் எந்த பார்ட்னரும் வாய் திறக்க மாட்டார். நான் வீடியோவே எடுத்து வைக்கிறேன்.

கோவை_கணக்கர்
மூட்டை அங்கே இருந்தது என்பதற்குப் போட்டோ சாட்சி. எத்தனை கிலோ, எந்த லாட், யாருக்குச் சொந்தம் என்பதற்கெல்லாம் அது சாட்சி ஆகாது.

தம்பி, உங்கள் பேப்பரில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை இது: 40-ம் பட்டியலில் இருந்து குடோனுக்குப் போனவை. புத்தகத்தில் இருப்பது நிஜமாகவே இருக்கிறதா என்று மட்டும்தான் அது காட்டும். குடோனில் இருந்தும் புத்தகத்தில் ஏறாத சரக்கு இந்த வழியில் ஒருநாளும் கண்ணில் படாது. சில ஐட்டங்களைக் குடோனில் நின்று கண்ணில் பட்டதாக எடுத்து, அது பட்டியலில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மூலையில் கிடக்கும் பழைய துணி ரோல், பாதி பிரிந்த நூல் மூட்டை, இந்த மாதிரி.

அடுத்தது கட்-ஆஃப். ஏப்ரல் 5-ல் எண்ணியதை வைத்து மார்ச் 31-ஐ எப்படி ஒத்துக்கொண்டீர்கள்? சரக்கு வரவுக்குப் போட்ட கடைசி ஜிஆர்என் நம்பர், சரக்கு வெளியே அனுப்பியதற்குப் போட்ட கடைசி டிசி நம்பர், கேட் ரிஜிஸ்டரின் அந்தப் பக்கங்கள், இவற்றின் நகல் இருக்கிறதா? அன்றைக்கு சரக்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்தி வைத்தார்களா?

பவானி
அதைவிட முக்கியம், புத்தக அளவு அச்சிட்ட ஷீட்டைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னது. 412 என்று எதிரே எழுதியிருந்தால் ஸ்டோர்காரர் 412 என்றுதான் எண்ணி முடிப்பார். அளவு இல்லாத ஷீட்தான் கொடுக்க வேண்டும்.

தணிக்கைத்_தூண்
புத்தகத்தில் நன்றாக இருக்கும். நூல், துணி, லேபிள், பட்டன் என்று ஆயிரக்கணக்கில் வரி உள்ள கம்பெனியில் வெற்று ஷீட் கொடுத்தால் ராத்திரி முழுக்க எண்ணினாலும் முடியாது. வித்தியாசம் வந்ததை மட்டும் இரண்டாவது ஆள் எண்ணினால் போதும்.

பவானி
ஒத்துப்போனதை யாரும் திரும்ப எண்ணாததுதானே சிக்கலே. வித்தியாசமே வராத மாதிரி எழுதிவிட்டால்?

தணிக்கைத்_தூண்
அதற்குத்தான் ஆடிட்டர் பக்கத்தில் நிற்கிறார்.

பவானி
இங்கே நின்ற ஆடிட்டரும் அதே பட்டியலை வைத்துத்தானே சார் நின்றார்?

ஸ்டோர்_மாமா
நான் ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர் பார்த்தவன். நூல் மூட்டையை நீளம், அகலம், உயரம் பெருக்கி எண்ணிவிட்டுப் போகிற ஆடிட்டர்கள்தான் அதிகம். அடுக்கின் நடுவில் வெற்றிடம் இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. மேல் இரண்டு வரிசையை இறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஏதாவது சில மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். தையல் பிரித்து மறுபடி தைத்த மூட்டையில் கோன் குறைவாக இருக்கும், தையல் நூலின் நிறமே மாறியிருக்கும். இந்தப் பையன் எடை போட்டானா?

இரண்டாம்_வருஷ_ஆர்ட்டிகிள்
எடை போடவில்லை. கேட் ரிஜிஸ்டர் போட்டோவை இன்றைக்கு ஸ்டோரில் கேட்டு வாங்கினேன். 30ஸ் கோம்ட் நூல் மட்டும் பார்த்தேன். டாலியில் மார்ச் 31-ல் 452 மூட்டை, ஏப்ரலில் வரவு 45, நிட்டிங்குக்குப் போனது 85, ஏப்ரல் 5-ல் 412. எண்ணியதும் 412. ஆனால் கேட் ரிஜிஸ்டரில் ஏப்ரல் 1 முதல் 5 வரை 60 மூட்டை உள்ளே வந்திருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

கோவை_கணக்கர்
மேனேஜர் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். எண்ணிய 412-ஓடு வெளியே போன 85-ஐக் கூட்டினால் 497. அதில் கேட் வழியே வந்த 60-ஐக் கழித்தால் 437. மார்ச் 31 ராத்திரி குடோனில் இருந்தது 437 மூட்டை, புத்தகத்தில் 452. 15 மூட்டை, 50 கிலோ கணக்கில் 750 கிலோ நூல், ஏப்ரலில்தான் கேட்டைத் தாண்டியிருக்கிறது. மில்லின் இன்வாய்ஸ் மார்ச் 31 தேதியில் இருந்திருக்கும், அந்தத் தேதியிலேயே டாலியில் ஏற்றிவிட்டார்கள். ஏப்ரல் 5-க்குள் அந்த 15-ம் வந்து சேர்ந்துவிட்டதால் அன்றைய எண்ணிக்கை ஒத்துப்போனது. கேட் ரிஜிஸ்டரைப் பார்க்காத வரை இது தெரியவே தெரியாது.

பவானி
அப்படியென்றால் ஸ்டாக்கில் 15 மூட்டையைக் குறைக்க வேண்டும், சரிதானே?

கோவை_கணக்கர்
அவசரப்பட வேண்டாம். மில் வாசலிலேயே சரக்கு வாங்கியவருக்குச் சொந்தம் என்ற பேச்சில் வாங்கியிருந்தால், மார்ச் 31-ல் லாரி ஏறிய சரக்கு இவர்களுடையதுதான். வழியில் இருக்கும் சரக்கு என்று தனியாகக் காட்டினால் போதும். குடோனில் இறங்கிய பிறகுதான் சொந்தம் என்றால் கொள்முதலையும் ஸ்டாக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் லாபம் மாறிவிடும். ஆர்டர், இன்வாய்ஸ், இ-வே பில், லாரி ரசீது நான்கையும் வாங்குங்கள். லாரி ரசீதே ஏப்ரல் தேதியில் இருந்தால் வழியில் இருந்தது என்று சொல்லவும் முடியாது.

தணிக்கைத்_தூண்
இது சரியான பதில். தம்பி, எல்லாவற்றையும் எழுதி வை: யார் எண்ணினார்கள், நீ எந்த லாட்டை எங்கே நின்று எண்ணினாய், எந்த நம்பரில் வரவும் செலவும் நின்றன. எண்ணி முடித்த ஷீட்டுகளின் நகலை அங்கேயே வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு மாற்றியிருந்தாலும் உனக்குத் தெரியாது. உன் 40 ஐட்டத்தையும் இறுதி ஸ்டாக் பட்டியலில் தேடி, அதே அளவில்தான் இருக்கிறதா என்று பார். ரிப்போர்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஃபைல் மூடப்பட வேண்டும், அப்புறம் 7 வருஷம் அது இருக்கும்.

க்ளிக்_ஆடிட்டர்
கேட் ரிஜிஸ்டரும் போட்டோவாகத்தான் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கோவை_கணக்கர்
வந்தது ஸ்டோர்காரர் அனுப்பிய போட்டோ. நேரில் போய் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பக்க எண்ணைக் குறித்துவிட்டு வர வேண்டும்.

இரண்டாம்_வருஷ_ஆர்ட்டிகிள்
நன்றி சார். இ-வே பில் மார்ச் 31, லாரி ரசீது ஏப்ரல் 1. ஆர்டரில் டெலிவரி பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாளை கம்பெனிக்குப் போகிறேன்.

ஸ்டோர்_மாமா
டையிங்கில் இருக்கும் துணியைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. அங்கே போய்ப் பார்த்தீர்களா, இல்லை டையிங்காரரிடம் கடிதம் வாங்கினீர்களா? வாங்கினால் நேராக உங்கள் ஆபீஸுக்கு வர வேண்டும், கம்பெனி வழியாக வரக்கூடாது. சாயம் போட்ட பிறகு எடை குறையும், எத்தனை சதவீதம் என்று பேசியிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

பவானி
தம்பி, டையிங் கடிதம் இருக்கிறதா? பதில் போடுங்கள்.